வட்டி மாறும் முன்பே சந்தை மாறுவது ஏன்? முன்னோக்கு வழிகாட்டலும் நடுநிலை வட்டி விகிதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய வங்கிகளின் அறிவிப்பு நாட்களை ஒட்டி என்னிடம் கேட்கப்படும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள் சுற்றி வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பல அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்விலிருந்து வருகின்றன. அதன் அறிக்கைகளும், அவற்றுக்குச் சந்தை அன்றன்று காட்டிய எதிர்வினையும் தெளிவாகப் பதிவாகியிருப்பதே அதற்குக் காரணம்.

வட்டியில் கை வைக்கவே இல்லை, வெறும் அறிக்கைதான் விட்டார்கள். அதற்குள் பத்திர விலை ஏன் இறங்குகிறது?

மத்திய வங்கி நேரடியாகத் தீர்மானிப்பது ஒரே ஒரு வட்டியை: வங்கிகள் தங்களுக்குள் ஓர் இரவுக்குக் கடன் கொடுத்து வாங்கும் விகிதத்தை. அதுவே கொள்கை வட்டி. இரண்டு ஆண்டுப் பத்திரத்தின் வருவாய் விகிதத்தை அது அறிவிப்பதில்லை. அந்த விகிதத்தைச் சந்தை தானே கணக்கிட்டுக்கொள்கிறது. கணக்கின் அடிப்படை எளியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பணத்தை முடக்கும் ஒருவர், அதே காலத்தில் ஒவ்வோர் இரவும் கடன் கொடுத்துப் புதுப்பித்துக்கொண்டே போனால் என்ன கிடைக்குமோ, ஏறத்தாழ அதையே எதிர்பார்ப்பார். எனவே இரண்டு ஆண்டு விகிதம் என்பது, அடுத்த இரண்டு ஆண்டுகளில் கொள்கை வட்டி எங்கெங்கே இருக்கும் என்ற எதிர்பார்ப்பின் சராசரியும், நீண்ட காலம் காத்திருப்பதற்கான சிறு கூடுதல் ஈடும் சேர்ந்தது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கொள்கை வட்டி இன்று 2 சதவீதம். இரண்டு ஆண்டுகளுக்கும் அப்படியே இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கூடுதல் ஈட்டை விட்டுவிட்டால், பத்திர வருவாயும் 2 சதவீதமாகவே இருக்கும். இன்று பிற்பகல் வெளியாகும் அறிக்கையைப் படித்ததும், அடுத்த காலாண்டு முதல் ஒவ்வொரு காலாண்டும் கால் சதவீதம் உயரும் என்று சந்தை முடிவு கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் காலாண்டில் 2.00, அடுத்ததில் 2.25 என்று ஏறி, எட்டாவது காலாண்டில் 3.75 ஆகும். இந்த எட்டின் சராசரி சுமார் 2.88. வட்டியில் ஒரு துளியும் மாறாத அதே நாளில் இரண்டு ஆண்டு வருவாய் விகிதம் 2-லிருந்து 2.88-க்குத் தாவுகிறது. சந்தையில் 2.88 கிடைக்கும்போது 2 சதவீதமே தரும் பழைய பத்திரத்தை விலை குறைந்தால்தான் வாங்குவார்கள்; அதனால் அதன் 100 முகமதிப்புக்கான விலை சுமார் 98.3-க்கு இறங்குகிறது. வீட்டுக் கடனும் நிறுவனங்கள் வாங்கும் கடனும் இத்தகைய நீண்ட கால விகிதங்களை ஒட்டியே அமைவதால், பொருளாதாரத்தைத் தொடுவது கொள்கை வட்டி இனிச் செல்லும் என்று எதிர்பார்க்கப்படும் முழுப் பாதைதான். அதன் முதல் படி மட்டும் அல்ல.

முன்னோக்கு வழிகாட்டல் என்றால் மத்திய வங்கி கொடுக்கும் வாக்குறுதியா?

பெரும்பாலும் இல்லை. வட்டி இனி எந்தத் திசையில், எவ்வளவு காலம், எந்த நிலைமைகளில் செல்லும் என்பதைப் பற்றி மத்திய வங்கி வெளிப்படையாகச் சொல்வதுதான் முன்னோக்கு வழிகாட்டல். அதில் இரண்டு வகைப் பேச்சுகள் கலந்திருக்கின்றன. ஒன்று, வானிலை முன்னறிவிப்பைப் போன்றது: 'பொருளாதாரம் இப்படிப் போகும் என்று நினைக்கிறோம், அதனால் வட்டியும் இப்படிப் போகலாம்.' மற்றது, தன் கையைத் தானே கட்டிக்கொள்வது: 'பிற்பாடு உயர்த்தத் தோன்றினாலும் உயர்த்தமாட்டோம்.' வட்டி பூச்சியத்தைத் தொட்டுவிட்டு இனிக் குறைக்க இடமில்லாத காலத்தில், இரண்டாவது வகைதான் உண்மையான வலிமை உள்ளது. ஆனால் கேட்பவர்களால் இரண்டையும் பிரித்தறிய முடிவதில்லை என்பதே இந்தக் கருவியின் பெரிய பலவீனம்.

ஃபெடரல் ரிசர்வ் பயன்படுத்திய சொற்களை வரிசையாகப் பார்த்தால் வளர்ச்சி புரியும். 2003 ஆகஸ்டில் 'கணிசமான காலத்துக்கு' என்று காலவரையறை இல்லாமல் சொன்னது. 2011 ஆகஸ்டில் 'குறைந்தது 2013 நடுப்பகுதி வரை' என்று நாட்காட்டியைக் காட்டியது. அந்த முடிவுக்கு, வட்டியைத் தீர்மானிக்கும் குழுவின் உறுப்பினர்களில் மூவர் எதிர்த்து வாக்களித்தனர். நாட்காட்டியில் ஒரு சிக்கல் உண்டு. பொருளாதாரம் மேம்பட்டாலும் மோசமடைந்தாலும் தேதி அசையாது. அசைத்தால், ஏன் அசைத்தார்கள் என்று சந்தை குழம்பும். அதனால் 2012 டிசம்பரில் தேதியை விட்டுவிட்டு நிபந்தனைக்கு மாறியது. வேலையின்மை 6.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும் வரையிலும், ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகான பணவீக்கக் கணிப்பு 2.5 சதவீதத்தைத் தாண்டாத வரையிலும், வட்டி பூச்சியத்தை ஒட்டியே இருக்கும் என்றது. நான் பார்த்தவரை, நிபந்தனை வடிவமே நேர்மையானது. சந்தை தானே தரவுகளைப் பார்த்துத் தன் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்ள அது வழிவிடுகிறது.

நடுநிலை வட்டி விகிதத்தை யார் அறிவிக்கிறார்கள்? எங்கே பார்க்கலாம்?

அதை யாரும் அறிவிப்பதில்லை. எந்தத் திரையிலும் அது ஓடுவதில்லை. பொருளாதாரத்தைத் தூண்டவும் செய்யாமல் அடக்கவும் செய்யாமல், வேலைவாய்ப்பு நிறைவாகவும் பணவீக்கம் இலக்கிலும் இருக்கும்போது நிலைத்திருக்கக்கூடிய வட்டியே நடுநிலை வட்டி. ஸ்வீடன் நாட்டுப் பொருளியலாளர் நட் விக்செல் 1898-இல் 'இயல்பு வட்டி' என்ற பெயரில் இந்தக் கருத்தை விளக்கினார். சேமிக்க விரும்புவோரின் பணமும் முதலீடு செய்ய விரும்புவோரின் தேவையும் சமன்படும் இடம் அது. மக்கள்தொகை முதுமையடைந்து சேமிப்பு பெருகினால் அது கீழே இறங்கும்; உற்பத்தித் திறன் வேகமாக வளர்ந்து முதலீட்டு வாய்ப்புகள் பெருகினாலோ, அரசுகள் பெருமளவில் கடன் வாங்கினாலோ மேலே ஏறும்.

நேரில் பார்க்க முடியாததால், விளைவுகளிலிருந்துதான் அதை ஊகிக்க வேண்டியிருக்கிறது. வட்டி இந்த அளவில் இருந்தும் உற்பத்தியும் பணவீக்கமும் எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தால், நடுநிலை நாம் நினைத்ததைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்று தலைகீழாகக் கணக்கிடுகிறார்கள். பொருளியலாளர்கள் தாமஸ் லாபாக், ஜான் வில்லியம்ஸ் இருவரும் 2003-இல் வெளியிட்ட கணக்கீட்டு மாதிரி இந்த வழியில்தான் இயங்குகிறது. அதன் மதிப்பீடுகளைச் சுற்றியுள்ள பிழை வரம்பு மிக அகலமானது. ஒரு முழுச் சதவீதம் இப்படியோ அப்படியோ இருக்கலாம் என்பது அதில் சாதாரணம்.

ஃபெடரல் ரிசர்வின் உறுப்பினர்கள் காலாண்டுக்கு ஒருமுறை, வட்டி எங்கே இருக்கும் என்ற தங்கள் கணிப்பை ஆளுக்கொரு புள்ளியாகக் குறித்து வெளியிடும் புள்ளி வரைபடத்தில் 'நீண்ட காலம்' என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. நடுநிலை பற்றிய அவர்களின் மனக்கணக்குக்கு மிக நெருக்கமானது அதுவே. 2012-இல் அதன் நடுமதிப்பு 4.25 சதவீதம், 2019-இல் 2.5, 2024 இறுதியில் 3.0. வரைபடத்தை வரைபவர்களே தங்கள் எண்ணத்தை இவ்வளவு தூரம் மாற்றிக்கொள்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், யாரேனும் 'நடுநிலை இவ்வளவுதான்' என்று தசம புள்ளியோடு சொல்லும்போது எச்சரிக்கையாக இருக்கலாம்.

அளக்கவே முடியாத ஒன்றைப் பற்றிச் சந்தை எதற்கு இவ்வளவு கவலைப்படுகிறது?

முதல் கேள்வியில் போட்ட கணக்குக்குத் திரும்புங்கள். அங்கே வட்டி ஒவ்வொரு காலாண்டும் உயரும் என்று எடுத்துக்கொண்டோம். எங்கே போய் நிற்கும் என்று சொல்லவில்லை. நடுநிலை என்பது அந்தப் பயணத்தின் சேருமிடம். இரண்டு ஆண்டுப் பத்திரத்துக்கு அடுத்தடுத்த படிகள் முக்கியம். பத்து ஆண்டுப் பத்திரத்தின் காலத்தில் பெரும்பகுதி சேருமிடத்தை அடைந்த பிறகு கழிவது. ஆகவே அதற்குப் படிகளைவிடச் சேருமிடமே முக்கியம். நடுநிலை 2.5 அல்ல, 3.5 என்று சந்தை நம்பத் தொடங்கினால், அடுத்த கூட்டத்தில் எந்த மாற்றமும் எதிர்பார்க்கப்படாவிட்டாலும் பத்து ஆண்டு விகிதம் ஏறும்.

இன்னொன்றும் உண்டு. 2.25 சதவீத வட்டி இறுக்கமானதா தளர்வானதா என்ற கேள்விக்கு, நடுநிலை எங்கே என்று சொல்லாமல் விடையே கிடையாது. அதனால்தான் மத்திய வங்கித் தலைவர் நடுநிலையைப் பற்றிச் சொல்லும் அரை வாக்கியம்கூட, 'இன்னும் எத்தனை முறை உயர்த்துவோம்' என்று சொன்னதாகவே படிக்கப்படுகிறது. நடுநிலையைப் பற்றிய பேச்சு, பெயர் சொல்லாமல் தரப்படும் முன்னோக்கு வழிகாட்டல்.

2018-இல் ஒரே சொல்லால் சந்தை விழுந்து எழுந்தது என்கிறார்களே, உண்மையில் என்ன நடந்தது?

இந்தத் தலைப்பில் ஒரே ஒரு நிகழ்வை மட்டும் படிக்க நேரமிருந்தால், இதைப் படியுங்கள் என்பேன். 2018 செப்டம்பர் 26 அன்று ஃபெடரல் ரிசர்வ் வட்டியை 2.00–2.25 சதவீதத்துக்கு உயர்த்தியது. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 3 அன்று, அதன் தலைவர் ஜெரோம் பவல் ஒரு மேடை உரையாடலில், நடுநிலையிலிருந்து இப்போதைக்கு அநேகமாக வெகு தொலைவில் இருக்கிறோம், நடுநிலையைத் தாண்டியும் போகலாம் என்ற பொருளில் பேசினார். அடுத்த சில நாட்களில் பத்து ஆண்டுப் பத்திர வருவாய் 3.2 சதவீதத்தைத் தாண்டியது. அந்த மாதத்தில் அமெரிக்கப் பங்குகளின் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஏறத்தாழ 7 சதவீதம் சரிந்தது. சரிவுக்கு வர்த்தகப் போர் அச்சம் போன்ற வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், அந்த வாக்கியம் பேசப்பட்டுக்கொண்டே இருந்தது.

நவம்பர் 28 அன்று அவர் மீண்டும் பேசினார். வட்டி, நடுநிலைக்கான மதிப்பீடுகளின் பரந்த வரம்புக்குச் சற்றுக் கீழே இருக்கிறது என்றார். அன்று எஸ் அண்ட் பி 500 சுமார் 2.3 சதவீதம் உயர்ந்தது; டௌ ஜோன்ஸ் 600 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. இரண்டு பேச்சுகளுக்கும் இடையில் கொள்கை வட்டி அசையவே இல்லை. அதே 2.00–2.25 தான்.

கவனிக்க வேண்டிய நுட்பம் இங்கே இருக்கிறது. செப்டம்பர் வரைபடத்தில் உறுப்பினர்களின் நீண்ட கால மதிப்பீடுகள் 2.5 முதல் 3.5 வரை பரவியிருந்தன, நடுமதிப்பு 3.0. நடப்பு வட்டியிலிருந்து நடுமதிப்புக்குச் செல்ல மூன்று அல்லது நான்கு உயர்வுகள் தேவை. மேல் எல்லைக்கு ஐந்துக்கும் மேல். கீழ் எல்லைக்கோ ஒன்று அல்லது இரண்டே போதும். அதாவது 'வெகு தொலைவு', 'சற்றுக் கீழே' என்ற இரண்டு கூற்றுகளுமே ஒரே அட்டவணைக்குப் பொருந்தக்கூடியவை. முதலாவது வரம்பின் நடுவையும் மேல்பகுதியையும் பார்த்துச் சொன்னதாக இருக்கலாம்; இரண்டாவது கீழ் விளிம்பைப் பார்த்துச் சொன்னது. சந்தை மாற்றிக்கொண்டது வட்டியை அல்ல. எந்த விளிம்பிலிருந்து அளக்கிறார்கள் என்ற ஊகத்தை. டிசம்பர் 19 அன்று வட்டி இன்னொரு கால் சதவீதம் உயர்ந்தது. 2019 ஜனவரியில் 'பொறுமையாக இருப்போம்' என்ற சொல் அறிக்கைக்குள் வந்தது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று வட்டி குறைக்கவே பட்டது. அப்படியானால் அந்தச் சுழற்சியில் வட்டி கண்ட உச்சம் 2.25–2.50, வரம்பின் கீழ் விளிம்பைத் தாண்டவே இல்லை.

'சந்தை இதை முன்பே எதிர்பார்த்துவிட்டது' என்று சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது?

கொள்கை வட்டியை வைத்தே வர்த்தகமாகும் முன்பேர ஒப்பந்தங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் இந்த ஒப்பந்தத்தின் விலை, 100-லிருந்து அந்த மாதத்தின் சராசரி வட்டியைக் கழித்தால் வருவது. இப்போது வட்டி 2.00 என்றும், கூட்டம் இந்த மாதக் கடைசியில் என்றும், அடுத்த மாத ஒப்பந்தம் 97.85-இல் விற்கிறது என்றும் கொள்வோம். 100-லிருந்து கழித்தால் 2.15. கால் சதவீத உயர்வு நிச்சயம் என்றால் 2.25 இருந்திருக்கும், மாற்றமே இல்லை என்றால் 2.00. 0.15-ஐ 0.25-ஆல் வகுத்தால் 60 சதவீதம். உயர்வுக்குச் சந்தை தரும் வாய்ப்பு அதுவே.

கூட்டம் மாத நடுவில் வந்தால், பாதி மாதம் பழைய வட்டி, பாதி மாதம் புதிய வட்டி என்று எடையிட்டுக் கணக்கிட வேண்டும். இதை மறந்தால் வாய்ப்பு பாதியாகத் தெரியும். தவிர, இந்த விலைகளில் இடர்ப்பாட்டுக்கான கூடுதல் ஈடும் கலந்திருப்பதால், ஓராண்டுக்கு அப்பாலுள்ள ஒப்பந்தங்களைத் தூய கணிப்பாக எடுத்துக்கொள்வது சரியல்ல.

வட்டியை உயர்த்திய அன்றைக்கே பங்குகள் ஏறுகின்றனவே, இது எப்படி?

உயர்வு ஏற்கனவே விலையில் இருந்திருக்கும். அன்று புதிதாக வந்த செய்தி வேறாக இருந்திருக்கும். ரெஃபெட் குர்கைனாக், பிரையன் சாக், எரிக் ஸ்வான்சன் மூவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பிரித்துக் காட்டியது. அறிவிப்பு நாளில் இரண்டு அதிர்ச்சிகள் இருக்கின்றன: இன்றைய வட்டி எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகியது என்பது ஒன்று, நாளைய பாதை எவ்வளவு மாறியது என்பது மற்றொன்று. நீண்ட காலப் பத்திரங்களை அசைப்பதில் பெரும்பங்கு இரண்டாவதுக்கே.

2022-இன் தொடக்கம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பூச்சியத்தை ஒட்டியிருந்த வட்டியை ஃபெடரல் ரிசர்வ் முதன்முதலாக உயர்த்தியது மார்ச் 16 அன்று, அதுவும் கால் சதவீதம்தான். ஆனால் முந்தைய டிசம்பர் இறுதியில் சுமார் 0.7 சதவீதமாக இருந்த இரண்டு ஆண்டு வருவாய், கூட்டத்துக்கு முன்பே 1.8-ஐத் தாண்டியிருந்தது. முப்பது ஆண்டு வீட்டுக் கடனின் சராசரி வட்டி 3.1-லிருந்து 3.8-க்கு மேல் போயிருந்தது. கடன் வாங்குபவரைப் பொறுத்தவரை இறுக்கம் ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. உயர்வு அறிவிக்கப்பட்ட நாளில் பங்குக் குறியீடு 2 சதவீதத்துக்கு மேல் ஏறியதில் வியப்பில்லை.

அறிக்கையை நான் எப்படிப் படிக்க வேண்டும்?

முந்தைய அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டுக்கும் இடையே மாறாத வரிகளை அடித்துவிட்டால், மிஞ்சும் சில சொற்களே செய்தி. சேர்க்கப்பட்டதைவிட நீக்கப்பட்டது பல நேரங்களில் முக்கியம். மேலே சொன்ன 2018 செப்டம்பர் அறிக்கையில், கொள்கை இன்னும் தளர்வாகவே இருக்கிறது என்ற வரி காணாமல் போயிருந்தது. பிறகு, வினைச்சொல்லின் உறுதியைப் பாருங்கள்: 'எதிர்பார்க்கிறோம்', 'கருதுகிறோம்', 'தீர்மானிப்போம்' ஆகியவை ஒரே எடை கொண்டவை அல்ல. எதிர்த்து வாக்களித்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் கடைசி வரியில் காணலாம்.

சொன்னபடி நடக்காவிட்டால் மத்திய வங்கிக்கு என்ன ஆகும்?

ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கியின் அனுபவம் இதற்குப் பாடம். 2020-இல் அது வட்டியை 0.10 சதவீதம் வரை இறக்கியதோடு, 2024 ஏப்ரலில் முதிரும் அரசுப் பத்திரத்தின் வருவாயையும் அதே 0.10-இல் நிறுத்த, தேவைப்பட்டபோது பத்திரங்களை வாங்கியது. பணவீக்கம் 2 முதல் 3 சதவீத இலக்குக்குள் நிலையாக வரும் வரை வட்டியை உயர்த்தமாட்டோம், அந்த நிலைமை 2024-க்கு முன் வரும் என்று எதிர்பார்க்கவில்லை என்றது. முதல் பாதி நிபந்தனை. இரண்டாம் பாதி கணிப்பு. மக்கள் காதில் விழுந்ததோ '2024' என்ற எண் மட்டுமே.

2021 அக்டோபர் இறுதியில் எதிர்பார்த்ததைவிட உயர்ந்த பணவீக்கத் தரவு வந்ததும், வங்கியின் பேச்சைச் சந்தை நம்ப மறுத்தது. அந்தப் பத்திரத்தின் வருவாய் இலக்குக்குப் பல மடங்கு மேலே சென்றபோது, வங்கி வாங்கித் தடுக்கவில்லை. அந்த மௌனமே அறிவிப்பாகிவிட்டது. நவம்பர் 2 அன்று இலக்கு முறைப்படி கைவிடப்பட்டது. 2022 மே மாதம் வட்டி உயர்ந்தது. சொன்னதை நம்பிக் கடன் வாங்கியவர்களிடம், அன்றைய ஆளுநர் பிலிப் லோ 2022 நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் வருத்தம் தெரிவித்தார். வங்கி தன் நிபந்தனையை மீறவில்லை. நிபந்தனை முன்கூட்டியே நிறைவேறியது. ஆயினும் தேதியை உச்சரித்த பிறகு அந்த விளக்கம் எடுபடவில்லை. முன்பு பார்த்த நாட்காட்டிச் சிக்கல் இங்கே மனிதர்களின் மாதத் தவணையாக வந்து நின்றது.

வட்டி குறையும் என்று சைகை காட்டினால் பங்குகள் ஏறத்தானே வேண்டும்? சில நேரம் ஏன் விழுகின்றன?

ஏனெனில் சைகைக்கு இரண்டு பொருள் இருக்கலாம். 'பணத்தைத் தாராளமாக்குகிறோம்' என்பது ஒன்று. 'நீங்கள் அறியாத ஏதோ மோசமான நிலையை நாங்கள் பார்க்கிறோம்' என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியில் சொன்ன கைகட்டலுக்கும் முன்னறிவிப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே. பத்திர வருவாய் இறங்கிப் பங்குகள் ஏறினால், சந்தை அதைத் தளர்வாகப் படித்திருக்கிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து இறங்கினால், அதைக் கெட்ட செய்தியாகப் படித்திருக்கிறது. அறிவிப்பு வந்த முதல் அரைமணி நேர நகர்வை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்தச் சோதனை ஓரளவு நம்பகமானது. நாள் முழுவதையும் எடுத்தால் வேறு செய்திகள் கலந்துவிடும்.

மத்திய வங்கி சந்தையைப் பார்க்கிறது, சந்தை மத்திய வங்கியைப் பார்க்கிறது. இதில் யார்தான் வழிகாட்டுகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு முழுமையான விடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஆபத்து எங்கே என்று காட்ட முடியும். நடுநிலை எங்கே என்று அறிய, மத்திய வங்கி மாதிரிகளோடு நீண்ட காலப் பத்திர விலைகளையும் பார்க்கிறது. அந்த விலைகளோ, மத்திய வங்கியின் 'நீண்ட கால' புள்ளிகளைப் பார்த்து உருவானவை. இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே வைத்தது போல, தன் உருவத்தையே வெளியிலிருந்து வந்த சான்றாக ஒருவர் எடுத்துக்கொள்ள நேரிடும். பத்திர வருவாய் குறைவாக இருப்பதால் நடுநிலை குறைவு என்று வங்கி முடிவு செய்து தன் புள்ளியை இறக்கினால், வருவாய் மேலும் குறையும்.

இந்தச் சுழலை உடைப்பது பொருளாதாரம் மட்டுமே. வட்டி நடுநிலையைத் தாண்டிவிட்டது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகும் ஆட்சேர்ப்பும் செலவும் குறையாமல் தொடர்ந்தால், ஒப்புக்கொண்ட எண் தவறு. 2023-இல் அமெரிக்காவில் கொள்கை வட்டி 5 சதவீதத்துக்கு மேல் சென்றும் வேலையின்மை 4 சதவீதத்துக்குக் கீழேயே நின்றது. நீண்ட கால நடுமதிப்பு அதன் பிறகுதான், 2024-இல், கூட்டத்துக்குக் கூட்டம் சிறுகச் சிறுக 2.5-லிருந்து 3.0-க்கு ஏறியது.